டக்... டக்... ஸ்டெபிலைசர் விடாமல் தட்டினால் முதலில் எங்கே பார்ப்பது?

ஸ்டெபிலைசர் எப்போதாவது ‘டக்’ என்று தட்டினால் கவலையே வேண்டாம். அது தன் வேலையைச் செய்கிறது. நிமிடத்துக்குப் பத்துத் தடவை தட்டினாலோ, தட்டித் தட்டிக் கடைசியில் ஏ.சி.யையே நிறுத்திவிட்டாலோதான் யோசிக்க வேண்டும். அப்போதும் உடனே பெட்டியைக் குறை சொல்லிவிடக் கூடாது. பழுது பார்க்க என்னிடம் வரும் ஸ்டெபிலைசர்களில் நிறையப் பெட்டிகள், மேசையில் வைத்துச் சோதித்தால் ஒழுங்காகவே ஓடும். வீட்டுக்குத் திரும்பிப் போனதும் மறுபடி தட்ட ஆரம்பிக்கும். கோளாறு வீட்டு ஒயரிங்கில் இருந்துகொண்டு, சத்தம் மட்டும் பெட்டியில் கேட்பதுதான் காரணம்.

அப்படி ஒரு வீட்டைத்தான் இங்கே விவரமாகச் சொல்லப் போகிறேன். வீடு என் அக்காவுடையது. படுக்கையறையில் ஒன்றரை டன் ஏ.சி., அதற்கு 4 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர். அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான்: “ராத்திரி ஏ.சி. போட்டா டக்கு டக்குனு தட்டிக்கிட்டே இருக்குடா தம்பி. திடீர்னு ஏ.சி. நின்னுடுது, கொஞ்ச நேரம் கழிச்சு அதுவே வருது. மெக்கானிக் வந்து பெட்டி போச்சு, புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வீடுகளில் இருக்கும் ஸ்டெபிலைசர் பெரும்பாலும் ரிலே வகைதான். உள்ளே ஒரு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதன் காயிலில் இடையிடையே சில இடங்களில் ஒயரை வெளியே எடுத்திருப்பார்கள். அவைதான் டேப்பிங். எந்த டேப்பிங்கில் இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து, வரும் வோல்டேஜ் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கூடும் அல்லது குறையும். கூட்டுவதை பூஸ்ட் என்பார்கள், குறைப்பதை பக் என்பார்கள். ஒரு டேப்பிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் சுவிட்சுதான் ரிலே. ஒரு சின்ன போர்டு வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருந்து, எந்த ரிலே எப்போது மாற வேண்டும் என்று முடிவு செய்யும். நமக்குக் கேட்கும் ‘டக்’, ரிலே இடம் மாறும் சத்தம்.

அக்கா வீட்டுப் பெட்டியைப் பிறகு மேசையில் வைத்து அளந்தபோது கிடைத்த எண்களையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் வோல்டேஜ் 203-க்குக் கீழே போனால் முதல் பூஸ்ட் விழும். அது வோல்டேஜை 1.17 மடங்காக்கும். 203 வோல்ட் வந்தால் சுமார் 237 வெளியே போகும். வோல்டேஜ் மறுபடி ஏறும்போது பூஸ்ட் 203-லேயே விலகாது, 208 வரை பொறுத்திருந்து பிறகுதான் விலகும். நடுவில் இருக்கும் இந்த 5 வோல்ட் இடைவெளி முக்கியமானது. அது இல்லாவிட்டால் வோல்டேஜ் 203-ஐ ஒட்டி லேசாக ஆடினாலே ரிலே அடித்துக்கொண்டே இருக்கும். போர்டைச் செய்தவர்கள் வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது.

ஆக, ஒரு ஸ்டெபிலைசர் விடாமல் தட்டுகிறது என்றால், உள்ளே வரும் வோல்டேஜ் அந்த இடைவெளியைத் தாண்டித் தாண்டி மேலும் கீழும் போகிறது, அல்லது போர்டு அப்படிப் போவதாகத் தவறாக நினைக்கிறது. முதலாவதுதானா என்று பார்க்கப் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. ஒரு மல்டிமீட்டர் போதும்.

அக்கா வீட்டுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம், தொந்தரவு வரும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். பகலில் போய் அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். ஏ.சி. ஓடாதபோது மெயின் போர்டில் 217 வோல்ட், ஏ.சி.யின் பவர் சாக்கெட்டிலும் அதே 217. பிறகு ஏ.சி.யைப் போட்டு, கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் இரண்டு இடத்திலும் மறுபடி அளந்தேன். மெயின் போர்டில் 213, அசையாமல் நின்றது. சாக்கெட்டில் மட்டும் மீட்டர் ஓரிடத்தில் நிற்கவில்லை. 209, 204, 200, மறுபடி 207 என்று ஆடிக்கொண்டே இருந்தது. அது 203-க்குக் கீழே இறங்கும்போது பெட்டி ஒரு தடவை தட்டியது, 208-ஐத் தாண்டும்போது இன்னொரு தடவை. பெட்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. அதற்குக் கொடுத்த வோல்டேஜுக்குச் சரியான பதிலைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது.

மெயின் போர்டில் ஆடாத வோல்டேஜ் சாக்கெட்டில் ஆடுகிறது என்றால், கோளாறு இரண்டுக்கும் நடுவில்தான். எவ்வளவு வோல்டேஜ் இழப்பு நியாயமானது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போர்டிலிருந்து அந்த சாக்கெட்டுக்குச் சுமார் 15 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர். போக வர 30 மீட்டர். இதன் மொத்த ரெசிஸ்டன்ஸ் கால் ஓமுக்கும் குறைவு. கிளாம்ப் மீட்டரில் ஏ.சி. எடுத்த கரண்ட் 8 ஆம்பியர். அப்படியானால் ஒயரில் மட்டும் 2 வோல்ட் போகலாம், அதற்கு மேல் போகக் கூடாது. இங்கே போனதோ 4 முதல் 13 வோல்ட். மிச்சம் ஏதோ ஒரு ஜாயிண்டில் விழுகிறது.

இந்த இடத்தில் ஸ்டெபிலைசரை மறந்துவிட்டு வேறொன்றை யோசிக்க வேண்டும். ஒரு லூஸ் ஜாயிண்டில் 10 வோல்ட் விழுந்து, அதன் வழியே 8 ஆம்பியர் போனால், அந்த ஒரே புள்ளியில் 80 வாட் சூடு உண்டாகிறது. சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், அதிலேயே ஈயம் உருகிவிடும். அதைப்போல மூன்று பங்கு சூடு சுவருக்குள், பிளாஸ்டிக் சாக்கெட்டின் முதுகில். தட்டுகிற சத்தம் தூக்கத்தைக் கெடுப்பது சின்ன விஷயம். அது சொல்ல வருவது தீப்பிடிக்கும் ஆபத்தைப் பற்றி.

ஏ.சி.யை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். நியூட்ரல் பின் கையில் சுட்டது, பேஸ் பின் சாதாரணமாக இருந்தது. மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சாக்கெட்டைக் கழற்றினோம். நியூட்ரல் ஸ்க்ரூ லூஸாகி, ஒயரின் கறுப்பு இன்சுலேஷன் இரண்டு அங்குலத்துக்கு வெந்து மொரமொரவென்று உடைந்தது. பித்தளை முனை நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. ஸ்க்ரூவை மட்டும் திருகி இறுக்கிவிட்டால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். ஒருமுறை வெந்த செம்பின் மேல் ஆக்ஸைடு படிந்திருக்கும், சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வியும் சூட்டில் தன் ஸ்பிரிங் குணத்தை இழந்திருக்கும். கொஞ்ச நாளில் அதே கதை திரும்ப வரும். அதனால் கெட்டுப்போன ஒயரைப் பளபளவென்று செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே புதிதாக மாற்றினோம். பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது. ஆனால் ஏ.சி. ஓடும்போதும் ஓடாதபோதும், மெயினிலும் சாக்கெட்டிலும் அளந்து பார்க்கச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும். இந்த நான்கு எண்கள் இல்லாமல் பெட்டி போச்சு என்று சொல்பவரின் பேச்சை நம்பாதீர்கள்.

மெயின் போர்டிலேயே வோல்டேஜ் ஆடுகிறது என்றால் கதை வேறு. கோளாறு மெயின் சுவிட்சிலோ, மீட்டருக்கு வரும் ஒயரிலோ, வெளியே கம்பத்திலோ இருக்கலாம். அது மின்வாரிய ஆட்களின் வேலை, நாம் கை வைக்கக் கூடாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பேஸ் உள்ள வீட்டில் ஸ்டெபிலைசர் ஹை வோல்டேஜ் காட்டிக் கட் ஆகிறது, அதே நேரம் ஒரு அறை விளக்கு கண்ணைக் கூசுகிறது, இன்னொரு அறை விளக்கு மங்குகிறது என்றால், பொது நியூட்ரல் அறுந்திருக்கிறது அல்லது அறுந்துகொண்டிருக்கிறது. அங்கே நின்று மீட்டர் வைத்து அளந்துகொண்டிருக்காதீர்கள். உடனே மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அக்கா வீட்டில் சாக்கெட்டை மாற்றியதும் கம்ப்ரசர் ஓடும்போது சாக்கெட்டில் 211 வோல்ட் நிலையாக நின்றது. தட்டும் சத்தம் அடங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பெட்டியை மேசைக்கு எடுத்துப் போகிறேன் என்றேன். “அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்குடா?” என்று அக்கா கேட்டாள். காரணம் இருக்கிறது.

ரிலே மாறும் ஒவ்வொரு தடவையும் அதன் காண்டாக்டுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பொறி பறக்கும். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிக்கிறோம் அல்லவா, அதனால் அது தவிர்க்க முடியாதது. காண்டாக்ட் நுனியில் இருக்கும் வெள்ளிக் கலவை ஒவ்வொரு பொறியிலும் கொஞ்சம் உருகும், கொஞ்சம் ஆவியாகும். இந்த வகை ரிலேக்களின் டேட்டா ஷீட்டைப் பார்த்தால், லோடே இல்லாமல் வெறுமனே தட்டினால் ஒரு கோடித் தடவை தாங்கும் என்றும், முழு லோடில் ஒரு லட்சம் தடவை தாங்கும் என்றும் பொதுவாகப் போட்டிருப்பார்கள். அந்த ஒரு லட்சமும் ஹீட்டர் மாதிரியான சாது லோடுக்குச் சொன்னது. கம்ப்ரசர் போன்ற மோட்டார் லோடுக்கு அதைவிடக் குறையும்.

ஒரு லட்சம் என்பது பெரிய எண்ணாகத் தெரியும். சாதாரண வீட்டில் ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை தட்டினால் பல வருஷம் ஓடும். ஆனால் 6 விநாடிக்கு ஒரு தடவை தட்டினால் மணிக்கு 600. ராத்திரி 8 மணி நேரம் ஏ.சி. ஓடினால் 4,800. மூன்றே வாரத்தில் ஒரு லட்சம் தீர்ந்துவிடும். பல வருஷம் வர வேண்டிய ரிலேயை ஒரு லூஸ் ஸ்க்ரூ ஒரு மாதத்துக்குள் சாப்பிட்டுவிடும். அக்கா வீட்டில் எத்தனை நாளாகத் தட்டியது என்று யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. அதனால்தான் பார்த்துவிடுவோம் என்று எடுத்து வந்தேன்.

தேய்ந்த ரிலே இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, காண்டாக்ட் கருகிக் குழி விழுந்து, சேர்ந்தாலும் சரியாகச் சேராமல் இருப்பது. வெறும் பெட்டியாக வைத்து அளந்தால் அவுட்புட் சரியாகவே காட்டும். லோடு போட்டால்தான் குட்டு வெளிப்படும். இன்னொன்று, காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்வது. இது மோசமானது. பூஸ்ட் ரிலே ஒட்டிக்கொண்டால், உள்ளே 230 வோல்ட் வந்தாலும் 1.17 மடங்காக்கி 269 வோல்ட்டை ஏ.சி.க்கு அனுப்பும். போர்டு அவுட்புட்டையும் கவனிக்கும் வகையாக இருந்தால், ஹை என்று காட்டிக் கட் செய்துவிடும். இன்புட்டை மட்டும் பார்க்கும் வகையாக இருந்தால், தான் பூஸ்டை விலக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். முன் பக்க டிஸ்ப்ளேயில் இன்புட் 230, அவுட்புட் 265, 270 என்று பார்த்தால் அந்த நிமிஷமே ஆஃப் செய்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பெட்டியைத் தட்டியதும் சரியாகிறது என்று தொடர்ந்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தட்டினால் விடுபடுகிறது என்பதே அது ஒட்டியிருந்ததற்கான அத்தாட்சி. அடுத்த தடவை விடுபடாமல் போகலாம்.

மேசையில் என் சோதனை இப்படி இருக்கும். வேரியாக் என்று ஒரு சாதனம் உண்டு, குமிழைத் திருகினால் வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றி இறக்கலாம். அதன் வழியாக ஸ்டெபிலைசருக்குக் கரண்ட் கொடுத்து, 130-லிருந்து மெதுவாக 290 வரை ஏற்றுவேன், பிறகு அதே மாதிரி இறக்குவேன். எந்த வோல்டேஜில் தட்டுகிறது, அப்போது அவுட்புட் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். ஏறும்போது தட்டும் எண்ணும் இறங்கும்போது தட்டும் எண்ணும் வேறு வேறாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த இடைவெளி போய்விட்டது என்று பொருள். அப்புறம் இதையே ஒரு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை லோடாகப் போட்டு இன்னொரு தடவை செய்வேன்.

அக்கா வீட்டுப் பெட்டி லோடில்லாமல் எல்லாப் படியிலும் சரியாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டு, இன்புட்டை 200-ல் நிறுத்தி பூஸ்டில் பார்த்தபோது அவுட்புட் 234-ல் நிற்காமல் 220-க்கும் 232-க்கும் நடுவே நடுங்கியது. பூஸ்ட் விலகியதும் நடுக்கமும் போய்விட்டது. அப்படியானால் கெட்டது அந்தப் படிக்கான ரிலே மட்டும்தான். கழற்றி மூடியைத் திறந்தால் காண்டாக்ட் கன்னங்கரேலென்று, ஒரு பக்கம் குழியும் எதிர்ப்பக்கம் மேடுமாக இருந்தது.

மாற்றும்போது காயில் வோல்டேஜ், காலின் அமைப்பு, காண்டாக்ட் ஆம்பியர் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். 12 வோல்ட் ரிலே இருந்த இடத்தில் 24 வோல்ட் ரிலேயைப் போட்டால் இழுக்காது, 24-இன் இடத்தில் 12-ஐப் போட்டால் காயில் எரியும். ரிலேயின் கால்களைச் சுற்றியிருக்கும் ஈயத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் விட்டிருக்கும். புது ரிலேயைப் போட்டும் பழுது தீரவில்லை என்று திரும்பி வரும் பெட்டிகளில் அடிக்கடி இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறக்கவே கூடாது. ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் இன்புட்டும் அவுட்புட்டும் ஒரே காயில்தான், நடுவில் பிரிவு கிடையாது. உள்ளே எங்கே தொட்டாலும் மெயின் கரண்டைத் தொட்ட மாதிரிதான்.

தட்டும் சத்தத்திலேயே ஒரு வித்தியாசம் உண்டு. இதுவரை சொன்னது ‘டக்’ என்று தனித்தனியாக, தெளிவாகக் கேட்பது. ‘டர்ர்ர்’ என்று தொடர்ந்து அதிர்ந்தால், அல்லது ரிலே தட்டும்போதெல்லாம் டிஸ்ப்ளேயும் அணைந்து அணைந்து எரிந்தால், பெரும்பாலும் போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியில்தான் கோளாறு. அங்கே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர் வயதாகி வற்றியிருக்கும். ரிலே இழுத்ததும் அந்தச் சுமையில் போர்டின் வோல்டேஜ் சரிந்து, போர்டே ஆஃப் ஆகி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ரிலே விடும், வோல்டேஜ் ஏறும், திரும்ப இழுக்கும். கபாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பாமலும் வற்றியிருக்கலாம், அதனால் சந்தேகம் இருந்தால் அதே அளவில், 105 டிகிரி தாங்கும் கபாசிட்டராகப் போட்டுவிடுவது நல்லது. இது சுலபமான வேலை.

இனி, பிரீசெட்டுக்கு வருவோம். போர்டில் ஸ்க்ரூடிரைவரால் திருகுகிற மாதிரி சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும். எந்த வோல்டேஜில் படி மாற வேண்டும், எதில் கட் ஆக வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. பெட்டி தட்டுகிறதா, 203-ஐக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவோம், அல்லது விலகும் இடத்தை 208-லிருந்து 215-க்குத் தள்ளிவிடுவோம் என்று சிலர் திருகுவார்கள். சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் 215 வரை பூஸ்ட் விலகாமல் இருந்தால் அவுட்புட் 251-ஐத் தாண்டும். கீழே இறக்கினால் பூஸ்ட் விழுவதற்குள் ஏ.சி.க்கு 195 வோல்ட்தான் போகும். இந்தப் பெட்டி 200-க்கும் 245-க்கும் நடுவே வைத்திருக்கச் செய்தது. டேப்பிங்கின் விகிதம் காயிலிலேயே நிரந்தரமாகச் சுற்றப்பட்டது, திருகி மாற்ற முடியாது. அந்த விகிதத்துக்குள் எவ்வளவு இடைவெளி அடங்குமோ அவ்வளவுதான் விட முடியும். அதனால் முன்பு யாரோ திருகிக் கெடுத்துவிட்டார்கள் என்று வேரியாக்கில் உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே நான் பிரீசெட்டைத் தொடுவேன். தொடுவதற்கு முன் பழைய நிலையை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வேன்.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் புரியும். அவுட்புட்டை மிக நெருக்கமாக வைத்திருக்கும் பெட்டி வேண்டும் என்றால், படிகள் சின்னதாகவும் நிறையவும் இருக்க வேண்டும். படிகள் நெருங்க நெருங்கத் தட்டுவதும் கூடும். ஏ.சி., ஃபிரிட்ஜுக்கு 200-லிருந்து 245 வரை போதும். அவற்றுக்கு மிகத் துல்லியமான ரிலே பெட்டி வாங்குவது ரிலேக்களுக்கு வீண் வேலை வைப்பதுதான் என்பது என் கருத்து.

கட் ஆஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கா சொன்ன ‘நின்னுடுது, அதுவே வருது’ என்பது இதுதான். அந்தப் பெட்டியில் லோ கட் 140 வோல்ட். சாக்கெட்டில் 200-க்கும் 209-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தபோது எப்படிக் கட் ஆகும்? கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். லூஸ் ஜாயிண்ட் அந்த நொடியில் தாங்காமல், வோல்டேஜ் தடாலென்று சரியும். பெட்டி லோ என்று காட்டிக் கட் செய்யும். லோடு போனதும் வோல்டேஜ் பழையபடி 217-க்கு ஏறிவிடும். கம்ப்ரசரில் அழுத்தம் சமமாக வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் 3 நிமிடத் தாமதம் முடிந்ததும் பெட்டி திரும்ப இணைக்கும், கம்ப்ரசர் கிளம்பும், வோல்டேஜ் சரியும், மறுபடி கட். கட் ஆகிற நேரங்களைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். சொல்லி வைத்த மாதிரி ஒரே இடைவெளியில், ஏ.சி. கிளம்பும்போதே நடந்தால் இந்தச் சுழல்தான். ஒழுங்கில்லாமல், ஏ.சி. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தால், வெளியிலிருந்து வரும் வோல்டேஜே விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் லோ கட்டை 140-லிருந்து 120-க்கு இறக்கிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்து கொடுப்பதில்லை. ஸ்டெபிலைசர் கரண்டை உற்பத்தி செய்வதில்லை. வோல்டேஜைக் கூட்டித் தர வேண்டுமானால், அதே அளவுக்கு அதிக ஆம்பியரை லைனிலிருந்து இழுத்தாக வேண்டும். வெளியே 220 வோல்ட்டில் 8 ஆம்பியர் கொடுக்க, உள்ளே 150 வோல்ட் வந்தால் கிட்டத்தட்ட 12 ஆம்பியர் இழுக்கும், 120 வந்தால் 14-ஐத் தாண்டும். லைன் ஏற்கெனவே பலவீனமாக இருப்பதால்தான் வோல்டேஜ் விழுந்தது, அதன் மேல் இன்னும் சுமை ஏற்றினால் இன்னும் விழும். காயிலும் அந்தக் கரண்டுக்குச் செய்தது அல்ல. அதோடு கடைசி பூஸ்டுக்கு மேல் கூட்ட அந்தப் பெட்டியில் படியும் இல்லை, எனவே 120-ல் ஓடினாலும் ஏ.சி.க்கு 170 வோல்ட் மாதிரிதான் போகும். கம்ப்ரசர் சூடாகித் திணறும்.

உண்மையிலேயே உங்கள் பகுதியில் வோல்டேஜ் அவ்வளவு கீழே போகிறது என்றால், அதற்கு ஏற்ற இன்புட் ரேஞ்ச் உள்ள பெட்டி வேண்டும். ரேஞ்சைத் தேர்ந்தெடுக்க ஒரே வழி அளப்பதுதான். வோல்டேஜ் மோசமாக இருக்கும் நேரத்தில், அந்த சாக்கெட்டில், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது அளங்கள். சில நாள் அளந்து, கிடைத்த மிகக் குறைந்த எண்ணிலிருந்து இன்னும் 15 வோல்ட் கழித்துக்கொள்ளுங்கள். 165 வரை இறங்கினால் 150-லிருந்து ஆரம்பிக்கும் பெட்டி போதும். 90-லிருந்து 300 வரை தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று வாங்க வேண்டியதில்லை. அத்தனை அகலத்தை அடக்க அதில் படிகளும் ரிலேக்களும் அதிகம், நீங்கள் ஒருபோதும் பயன்படுத்தாத படிகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள்.

வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் ரேஞ்ச் எதைக் குறிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ரேஞ்ச் முழுவதும் அவுட்புட் 200-க்கு மேலேயே இருக்குமா, அல்லது கீழ் முனையில் கட் ஆகாமல் ஓடும் என்று மட்டும்தானா? இரண்டும் வேறு. கையேட்டில் இன்புட் ரேஞ்சுக்குப் பக்கத்திலேயே அவுட்புட் ரேஞ்சும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் விடை தெரிந்துவிடும்.

அக்காவுக்குப் புதுப் பெட்டி வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு ரிலே, அதன் பக்கத்தில் விரிசல் விட்டிருந்த இரண்டு ஈய இணைப்புகள், சுவரில் ஒரு சாக்கெட், ஒரு பிளக். அவ்வளவுதான் செலவு. மற்ற அறைகளில் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போடும் பவர் சாக்கெட்டுகளையும் அன்றைக்கே கழற்றிப் பார்த்து, ஸ்க்ரூக்களை இறுக்கி வைத்துவிட்டோம்.